அத்தியாயம் 7: ரோபோ நடிக்கும் குறும்படம் – திரைக்கதை எழுதுவதும் விஎப்எக்ஸ் ஷாட்களைக் குறிப்பதும்

ரோபோ வரும் குறும்படத்தைப் பாதியில் கைவிடுபவர்கள் பெரும்பாலும் எடிட்டிங் மேசையில்தான் கைவிடுகிறார்கள். தவறு அதற்கு வெகு முன்பே, எழுதும் மேசையில் நடந்திருக்கும். "ரோபோ ஓடி வந்து கதவைத் திறக்கிறது" என்று எழுத ஒரு நொடி போதும். அதைத் திரையில் கொண்டுவர ஒரு மாதம் ஆகலாம், அரை நாளும் ஆகலாம். எது என்பதை அந்த வரியின் ஓரத்தில் நீங்கள் இடும் குறிதான் முடிவு செய்யும்.

இந்த அத்தியாயத்தில் 'வால்வு' என்ற ஆறு நிமிடப் படத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். மேல்நிலைத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் மாரியப்பனுக்கு 58 வயது. தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துத் தண்ணீர் விடும் வேலையைச் செய்ய ஒரு ரோபோ வந்திருக்கிறது. முறை இல்லாத நாளில், முறை இல்லாத தெருவில் ஒரு சாவு விழுகிறது. ரோபோ வால்வைத் திறக்குமா? இவ்வளவுதான் கதை.

## படி 1: முதலில் ரோபோவின் உடலை முடிவு செய்யுங்கள்

கதைச் சுருக்கம் கையில் வந்ததும் வசனம் எழுத உட்காராதீர்கள். ரோபோ எதனால் ஆனது, எப்படி நகரும், அதன் முகம் எது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரு தாளில் பதில் எழுதுங்கள். ரோபோவைக் கேமராவுக்கு முன் நிறுத்த நான்கு வழிகள் உண்டு.

1. உடைக்குள் ஆள். 2019இல் வந்த மலையாளப் படம் 'ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன் வெர்ஷன் 5.25'இல் ரோபோ உடைக்குள் இருந்தவர் சூரஜ் தேலக்காடு என்ற நடிகர். நடை, தலையசைப்பு எல்லாம் எதிரே நிற்கும் நடிகருக்கு நேரிலேயே கிடைத்துவிடும்.
2. ஆட்டுவிக்கும் பொம்மை. 'இன்டர்ஸ்டெல்லர்' (2014) படத்தின் டார்ஸ் ரோபோவைப் பல ஷாட்களில் பில் இர்வின் பின்னால் நின்று இயக்கினார். பிறகு அவர் உருவத்தைப் படத்திலிருந்து அழித்தார்கள்.
3. நடக்காத இயந்திரம். 'மூன்' (2009) படத்தின் கெர்ட்டி ரோபோவுக்கு முகமே கிடையாது. ஒரு சிறு திரையில் மாறும் முகக் குறிகளும் குரலும் சேர்ந்துதான் அதை ஒரு பாத்திரமாக்கின.
4. முழு சிஜி. நீல் ப்ளோம்காம்ப் 2004இல் எடுத்த 'டெட்ரா வால்' குறும்படத்தில், கையில் பிடித்து எடுத்தது போன்ற காட்சிகளுக்குள் சிஜி ரோபோ போலீஸைப் பொருத்தியிருந்தார். அவர் முன்பே 3டி கலைஞராக வேலை பார்த்தவர்.

'வால்வு' படத்துக்கு இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்து எடுத்துக்கொள்வோம். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும் உயரத்தில் ஒரு பெட்டி. கீழே நான்கு சக்கரம். ஒரே ஒரு கை. முகமாக ஒரு செல்போன் திரை. கையை ஒரு கம்பியால் பின்னாலிருந்து ஒருவர் ஆட்டுவார். பெட்டியைத் தூண்டில் நரம்பால் இழுப்போம்.

இந்த முடிவு கதையையும் வளைக்கும். ஒற்றைக் கை ரோபோவால் கைகூப்ப முடியாது. ஓட முடியாது. ஆகவே நீங்கள் எழுதும் ஒவ்வொரு செயலும் அந்த ஒரு கையால் செய்யக்கூடியதாக இருக்கட்டும்.

குறிப்பு: உடலை முடிவு செய்ததும் அட்டையில் அதே அளவில் ஒரு மாதிரி செய்து, நடிகரை அதன் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்துப் பாருங்கள். இருவரையும் ஒரே ஃபிரேமில் வைத்தால் ரோபோவின் முகம் நடிகரின் இடுப்பருகே போய்விடுகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

## படி 2: முதல் வரைவில் எந்தக் குறியும் வேண்டாம்

முதல் வரைவைக் கதைக்காக மட்டும் எழுதுங்கள். எழுதும்போதே விஎப்எக்ஸ் கணக்குப் போட்டால் வசனம் செத்துவிடும். வரைவு முடிந்ததும் சத்தமாகப் படித்து, கடிகாரம் வைத்து நேரம் பாருங்கள். ரோபோவின் மௌனங்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். ரோபோ யோசிக்கும் மூன்று நொடி தாளில் தெரியாது, திரையில் தெரியும்.

ரோபோவின் பேச்சுக்கு ஒரு நடையைத் தேர்ந்து கடைசிவரை மாற்றாதீர்கள். நம் ரோபோ எழுத்துத் தமிழில் பேசும், மாரியப்பன் ஊர்ப் பேச்சில் பேசுவார். ரோபோவின் குரலைப் பிறகுதான் டப்பிங் செய்வீர்கள் என்பதால் அதன் வசனங்களுக்குப் பக்கத்தில் (குரல்) என்று இப்போதே எழுதிவிடுங்கள். படப்பிடிப்பில் அந்த வரிகளை யாராவது ஒருவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து படித்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மாரியப்பனாக நடிப்பவர் எப்போது பதில் சொல்வது என்று தெரியாமல் தடுமாறுவார்.

## படி 3: ஷாட்களாகப் பிரித்து எண் கொடுங்கள்

கதை இனி மாறாது என்று உறுதியான பிறகே இந்தப் படி.

1. ஒவ்வொரு காட்சியையும் ஷாட் ஷாட்டாகப் பிரியுங்கள். ஒரு ஷாட்டுக்கு ஒரு பத்தி.
2. காட்சி எண், ஷாட் எண் என்ற வரிசையில் பெயரிடுங்கள். இரண்டாம் காட்சியின் முதல் ஷாட் `02_010`, அடுத்தது `02_020`.
3. பத்து பத்தாகத் தாவுவதற்குக் காரணம் உண்டு. படப்பிடிப்பில் நடுவே ஒரு ஷாட் சேர்ந்தால் `02_015` என்று செருகலாம், மற்ற எண்கள் கலையாது.
4. அதே எண்ணைக் கிளாப் பலகையிலும், கோப்பின் பெயரிலும், எடிட்டிங்கிலும் பயன்படுத்துங்கள்.

## படி 4: நான்கே குறிகள்

ஒவ்வொரு ஷாட்டின் எண்ணுக்குப் பக்கத்திலும் இந்த நான்கில் ஒன்றை எழுதுங்கள்.

- நேர்: கேமரா பார்ப்பதே முடிவான படம். பின்வேலை இல்லை.
- அழிப்பு: படத்தில் இருக்கும் ஒன்றை நீக்க வேண்டும். கம்பி, கயிறு, ஆட்டுவிக்கும் ஆள்.
- ஒட்டு: தனித்தனியாக எடுத்த இரண்டு படங்களை ஒன்றாக்க வேண்டும். முகத்திரையில் ஓடும் படமும் இதில் சேரும்.
- சிஜி: கேமராவுக்கு முன் இல்லாத ஒன்றைக் கணினியில் உருவாக்க வேண்டும்.

பட்டியலில் கீழே போகப் போக வேலை கூடும். ஆகவே ஒவ்வொரு ஷாட்டையும் முதலில் 'நேர்' என்று வைத்துப் பாருங்கள். முடியவில்லை என்று நிச்சயமானால் மட்டும் ஒரு படி கீழே இறங்குங்கள். கலர் கரெக்‌ஷனுக்குக் குறி வேண்டாம், அது எல்லா ஷாட்டுக்கும் உண்டு.

### குறியிட்ட ஒரு காட்சி

காட்சி 2. உள். பம்ப் அறை. மாலை

02_010 | நேர். மாரியப்பன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறார். வால்வுக்கு முன்னால் ரோபோ, முதுகைக் காட்டியபடி நிற்கிறது.

02_020 | நேர். மாரியப்பன், ரோபோவின் தோள் வழியாக.

மாரியப்பன்: ஏப்பா, மேலத் தெருவுக்கு ஒரு அரை மணி நேரம் திறந்து விடு.

ரோபோ (குரல்): மேலத் தெருவின் முறை வியாழக்கிழமை.

மாரியப்பன்: அங்க ஒரு சாவு விழுந்திருக்கு. குளிப்பாட்டத் தண்ணி இல்ல.

02_030 | ஒட்டு (முகத்திரை). ரோபோவின் முகம், அண்மையில். திரையில் சுழலும் வட்டம் மெதுவாக நிற்கிறது.

ரோபோ (குரல்): அட்டவணையில் அப்படி ஒரு காரணம் இல்லை.

02_040 | நேர். மாரியப்பன், அண்மையில்.

மாரியப்பன்: அட்டவணைய எழுதினவன் வீட்ல யாரும் சாகலையோ என்னவோ.

அறையின் இடது ஓரத்தில் கிடக்கும் ஸ்டூலுக்குப் போய் உட்காருகிறார்.

02_050 | அழிப்பு (கம்பி, ஆள்). அறை முழுவதும். ரோபோ அசையாமல் நிற்கிறது. பிறகு அதன் கை மெல்ல உயர்ந்து வால்வின் சக்கரத்தை நோக்கிப் போகிறது.

02_060 | நேர். இரும்பு விரல்கள் சக்கரத்தைப் பற்றித் திருப்புகின்றன. குழாயில் தண்ணீர் ஏறும் ஓசை.

ரோபோ (குரல்): குழாய்ச் சோதனைக்கு அனுமதி உண்டு. இருபது நிமிடம்.

### ஏன் இந்தக் குறிகள்?

ஆறு ஷாட்டில் இரண்டுதான் பின்வேலைக்குப் போகின்றன. கதையின் திருப்பமான `02_060` 'நேர்' என்றே இருக்கிறது. கைமுனையை மட்டும் காட்டும் ஷாட் என்பதால் ஆட்டுவிப்பவர் ஃபிரேமுக்கு வெளியே உட்கார்ந்து தன் கையாலேயே திருப்பலாம். பார்ப்பவர் மனத்தில் நிற்க வேண்டிய ஷாட்டைக் கூடுமானவரை இப்படிக் கேமராவிலேயே முடித்துவிடுங்கள்.

`02_030` ஷாட்டில் செல்போனிலேயே வட்டத்தை ஓடவிட்டு 'நேர்' என்று எடுக்கலாம். ஆனால் வட்டம் எந்த நொடியில் நிற்க வேண்டும் என்பது டப்பிங் முடிந்த பிறகே தெரியும். அதனால்தான் 'ஒட்டு'. கேமராவும் ரோபோவும் அசையாத ஷாட்டாக எழுதியிருப்பதால் ஒட்டுவது எளிது. இதை எடுக்கும்போது போன் திரையில் மங்கிய சாம்பல் நிறத்தையும் நான்கு மூலையில் நான்கு சிறு கூட்டல் குறிகளையும் வையுங்கள். முழுப் பச்சையை வைத்தால் பச்சை ஒளி ரோபோவின் உடலிலும் சுவரிலும் படிந்து, அதைப் போக்குவது தனி வேலையாகிவிடும்.

`02_050` ஷாட்டில் கவனிக்க வேண்டியது மாரியப்பன் உட்காரும் இடம். அவர் இடது ஓரத்தில் உட்காருகிறார், கம்பி வலப்பக்கத்திலிருந்து வருகிறது. கம்பி அவரைக் கடந்து போனால், அசையும் வேட்டி மடிப்பையும் மூச்சில் ஏறி இறங்கும் மார்பையும் ஃபிரேம் ஃபிரேமாகத் திரும்ப வரைய வேண்டிவரும். அசையாத சுவரைக் கடந்தால், காலி அறையின் படத்தை எடுத்து மேலே வைத்தால் போதும். "இடது ஓரத்தில் கிடக்கும் ஸ்டூலுக்கு" என்ற நான்கு சொற்கள் பல நாள் வேலையை மிச்சப்படுத்துகின்றன.

அந்தக் காலி அறைப் படத்தைத்தான் கிளீன் பிளேட் என்பார்கள். எடுக்கும் முறை:

1. கேமராவை முக்காலியில் பூட்டுங்கள். ஃபோகஸ், எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸ் மூன்றும் மேனுவலில் இருக்கட்டும்.
2. நடிப்புள்ள டேக்கை எடுங்கள்.
3. கேமராவைத் தொடாமல், ஆட்டுவிப்பவரும் கம்பியும் வெளியேறிய பின் 10 நொடி ஓடவிடுங்கள். ரோபோவும் ஸ்டூலும் அதே இடத்தில் இருக்க வேண்டும்.
4. ஜன்னல் வெளிச்சம் மாறுவதற்குள் உடனே எடுங்கள். மதியம் எடுத்த பிளேட் மாலை டேக்குக்குப் பொருந்தாது.
5. கோப்புக்கு `VALVU_02_050_clean` என்று பெயரிடுங்கள்.

## படி 5: மிகக் கடினமான ஷாட்டைத் திரும்ப எழுதுங்கள்

குறியிட்டு முடித்ததும் 'சிஜி' என்று விழுந்த ஷாட்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'வால்வு' படத்தின் முதல் வரைவில் மூன்றாம் காட்சி இப்படி இருந்தது: "ரோபோ ஏணியில் விறுவிறுவென ஏறி, தொட்டியின் மேல் நின்று ஊரைப் பார்க்கிறது."

இந்த ஒரு வாக்கியத்துக்கு ரோபோவின் 3டி மாதிரி, அதன் மூட்டுகள், ஏறும் அசைவு, ஏணிப்படியில் கை பதியும் இடம், வெயிலுக்கு ஏற்ற நிழல் எல்லாம் வேண்டும். எடை தெரியாமல் மிதந்து ஏறினால் பார்ப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். கதைக்கு உண்மையில் என்ன வேண்டும்? ரோபோ மேலே போனது தெரிய வேண்டும், அங்கிருந்து ஊரைப் பார்ப்பது தெரிய வேண்டும். அதை மூன்று ஷாட்டாக உடைக்கலாம்.

03_010 | நேர். ரோபோவின் கை ஏணியின் முதல் படியைப் பிடிக்கிறது. இரும்பு அதிரும் ஓசை.

03_020 | நேர். மாரியப்பன் அண்ணாந்து பார்க்கிறார். அவர் முகத்தின் மேல் ஒரு நிழல் ஏறிப் போகிறது. ஓசை உயரே தேய்கிறது. (நிழலுக்கு ஒரு வெட்டிய அட்டை.)

03_030 | ஒட்டு. தொலைவில் தொட்டி, அந்தி வானம். தொட்டியின் விளிம்பில் சிறியதாக, கரிய உருவமாக ரோபோ.

மூன்றாவது ஷாட்டுக்காக ரோபோவைத் தொட்டிமேல் ஏற்ற வேண்டாம். வேறோர் இடத்தில் அதே அந்தி வானத்தின் முன் எடுத்து, சுருக்கி ஒட்டலாம். அண்ணாந்து பார்க்கும் கோணம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். தொட்டியின் விளிம்பு 12 மீட்டர் உயரம். கேமரா 1.5 மீட்டர் உயரத்தில், 30 மீட்டர் தள்ளி நிற்கிறது. லென்ஸுக்கும் விளிம்புக்கும் உயர வித்தியாசம் 10.5 மீட்டர். அதைத் தூரத்தால் வகுத்தால் 0.35. ரோபோவை எடுக்கும்போது 6 மீட்டர் தள்ளி நின்றால், அது லென்ஸைவிட 6 × 0.35 = 2.1 மீட்டர் மேலே இருக்க வேண்டும். லென்ஸ் அதே 1.5 மீட்டரில் இருந்தால், தரையிலிருந்து 3.6 மீட்டர், அதாவது ஏறக்குறைய 12 அடி. தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டின் மொட்டை மாடி விளிம்பு போதும். சூரியன் இருக்கும் பக்கமும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும்.

எவ்வளவு மாற்றி எழுதியும் ஒரு சிஜி ஷாட் மிஞ்சினால், அதை முன்கூட்டியே பழகிப் பாருங்கள். பிளெண்டர் ஃபவுண்டேஷன் 2012இல் வெளியிட்ட 'டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்' குறும்படத்திலும் ரோபோக்கள் உண்டு. அதன் மூல ஷாட்களை இலவசமாகவே தருகிறார்கள். அதில் ஒன்றை எடுத்து உங்கள் ரோபோவைப் பொருத்திப் பார்த்தால் உங்களால் எவ்வளவு முடியும் என்பது தெரிந்துவிடும்.

## படி 6: விஎப்எக்ஸ் தாள்

'நேர்' அல்லாத ஷாட்களை மட்டும் தனித் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறு விவரம்:

1. ஷாட் எண், குறி.
2. என்ன நீங்க வேண்டும் அல்லது என்ன சேர வேண்டும், ஒரே வரியில்.
3. நீளம். 5 நொடி ஷாட் என்றால் 24 ஃபிரேம் வேகத்தில் 120 ஃபிரேம். முன்னும் பின்னும் 12 ஃபிரேம் கூட்டி 144 என்று எழுதுங்கள். எடிட்டிங்கில் வெட்டும் இடம் கொஞ்சம் நகர்ந்தாலும் இது காப்பாற்றும்.
4. கேமரா அசைகிறதா, பூட்டியதா.
5. தளத்தில் எடுக்க வேண்டியவை: கிளீன் பிளேட், வானத்தின் தனிப்படம், திரைக் குறிகள்.
6. லென்ஸ் அளவு, லென்ஸின் உயரம், ரோபோ வரையிலான தூரம். இந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். தளத்தில் டேப் வைத்து அளந்து நிரப்ப வேண்டும்.

இந்தத் தாளை ஒருவரிடம் கொடுத்து, அவருக்கு அன்று வேறு வேலை தராதீர்கள். ஆறாவது கட்டம் நிரம்பும் வரை அடுத்த ஷாட்டுக்குப் போகக் கூடாது என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கட்டும்.

## பாதுகாப்பு: இதையும் திரைக்கதையிலேயே எழுதுங்கள்

- தொட்டியில் ஏறாதீர்கள். `03_010` ஷாட்டின் பக்கத்திலேயே "முதல் படி மட்டும், யாரும் ஏறுவதில்லை" என்று எழுதுங்கள். பஞ்சாயத்து அனுமதி இல்லாமல் உள்ளே போகவும் வேண்டாம். அது ஊர் குடிக்கும் தண்ணீர்.
- ஓடும் வால்வைத் தொடாதீர்கள். பழைய இரும்புக் கடையில் ஒரு கேட் வால்வு வாங்கிப் பலகையில் பொருத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓசையைப் பிறகு சேர்க்கலாம்.
- பம்ப் அறையின் மின்சாரம். மோட்டார் ஸ்டார்ட்டர் இருக்கும் அறையில் ஈரத் தரையில் விளக்கு வயரை இழுக்க வேண்டாம். அதே போன்ற வேறோர் அறையில் எடுப்பதே நல்லது.
- மொட்டை மாடி. ரோபோவைக் கயிற்றால் கட்டிய பிறகே விளிம்புக்கு நகர்த்துங்கள். நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது.
- பேட்டரி. முகத்திரைக்கும் விளக்குக்கும் வைக்கும் லித்தியம் பேட்டரியைக் காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் அடைத்து வெயிலில் விடாதீர்கள். உப்பிய பேட்டரியை அன்றே மாற்றுங்கள்.
- உடைக்குள் ஆள் என்றால்: தலைக்கவசம் உதவியில்லாமல் கழன்றுவர வேண்டும். டேக் முடிந்ததும் கழற்றித் தண்ணீர் கொடுக்க ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும்.

## வழக்கமான தவறுகள்

நிழலை மறப்பது. கம்பியை அழித்தாயிற்று, சுவரில் கம்பியின் நிழல் அப்படியே இருக்கும். 'அழிப்பு' என்று குறிக்கும்போதே "நிழலும்" என்று சேர்த்து எழுதுங்கள். விளக்கை எந்தப் பக்கம் வைப்பது என்று ஒளிப்பதிவாளர் அப்போதே யோசிப்பார்.

ஸ்டெபிலைசேஷனை அணைக்காதது. கேமராவைக் கையில் பிடித்து எடுக்கும் ஒட்டு, சிஜி ஷாட்களில் லென்ஸோ சென்சாரோ தானாக அசைந்தால், ஒட்டிய ரோபோ தரையில் நில்லாமல் வழுக்கும். தாளில் "ஸ்டெபிலைசேஷன் அணை" என்று எழுதுங்கள்.

திரை மினுக்குவது. 'நேர்' என்று எடுக்கும் முகத்திரையில் பட்டை பட்டையாக ஒளி ஓடினால் ஷட்டர் வேகத்தை 1/60க்குக் கொண்டுவந்து பாருங்கள். அதன் பிறகும் ஓடினால் திரையின் பிரகாசத்தை மாற்றிப் பாருங்கள். பிரகாசத்தைக் குறைத்து வைக்கும்போதுதான் பல திரைகள் அதிகம் மினுக்கும். எதுவும் பலிக்காவிட்டால் அந்த ஷாட்டின் குறியை 'ஒட்டு' என்று மாற்றி, சாம்பல் திரையோடு எடுத்துவிடுங்கள்.

சக்கரம் சிக்குவது. கரிசல் மண்ணில் ரோபோ இரண்டு அடிகூட நகராது. நகரும் ஷாட்டைச் சிமெண்டுத் தரையில் எழுதுங்கள். முடியாவிட்டால் கீழே பிளைவுட் விரித்து, சக்கரத்தைக் காட்டாத ஷாட்டாக எழுதுங்கள்.

## திரைக்கதையை மூடும் முன்

1. ஒவ்வொரு ஷாட்டுக்கும் எண்ணும் குறியும் உண்டா?
2. 'அழிப்பு' ஷாட்களில் கம்பி எந்தப் பக்கமிருந்து வருகிறது, நடிகர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பது எழுதப்பட்டிருக்கிறதா?
3. 'ஒட்டு' ஷாட்கள் எல்லாவற்றிலும் கேமரா பூட்டியதா? இல்லையென்றால் அசைவுக்குக் கதையில் காரணம் உண்டா?
4. விஎப்எக்ஸ் ஷாட் ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டுக் காட்சியைப் படித்துப் பாருங்கள். கதை புரிகிறது என்றால் அந்த ஷாட் தேவையில்லை.
5. மிஞ்சியவற்றில் மிகக் கடினமான ஒரே ஒரு ஷாட்டை, படப்பிடிப்புக்கு முன்பே செல்போனில் எடுத்து, கடைசிவரை முடித்துப் பாருங்கள். அதற்கு ஆன நாள்களை மற்ற விஎப்எக்ஸ் ஷாட்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். வரும் எண் உங்கள் கையில் இருக்கும் நாள்களைவிடக் கூடுதலாக இருந்தால், படி 5க்குத் திரும்பிப் போய் இன்னொரு ஷாட்டை மாற்றி எழுதுங்கள்.